இரண்டு புள்ளி டவர்

படம் நின்றுபோனபோது தச்சரின் ஆள்காட்டி விரல் கன்னத்துக்குப் பக்கத்தில் பாதி வளைந்திருந்தது.

ஏரியல்காரர் வீட்டு மருமகள் திரையை முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் நகர்ந்துவிடுமா என்ன? தச்சர் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் படம் ஒரு குதி குதித்து மறுபடி ஓடியபோது விரல் கீழே இறங்கியிருந்தது. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அவள் கைகளால் கேட்டாள். அவர் சொன்னார். கை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ இழுபட்டது. மூன்றாவது முறை கேட்டதற்கு அவர் கையை உதறிவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். காது கேட்காதவர்கள் கேட்கிறவர்களிடம் பேசிப் பேசி அலுத்து, போதும் ஆளை விடு என்று ஆட்டும் தலை அது. டாக்டரோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவளுடைய வேலை இதுதான். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் காது கேட்காத ஒருவர் டாக்டர் முன்னால் உட்காருவார். இவள் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து வீடியோவில் டாக்டர் பேசுவதைச் சைகையாக்குவாள், அவர் சைகையைப் பேச்சாக்குவாள். எட்டு வருஷமாகச் செய்கிறாள். கல்யாணமாகி நகரத்தை விட்டு, ஊர் முடிகிற இந்தக் கடைசித் தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஆனால் இந்தத் தெருவுக்குக் கேபிள் இன்டர்நெட் இன்னும் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டர் ஒன்று ஜன்னலில் உட்கார்ந்து, நினைத்தால் ஓடும், நினைத்தால் படுக்கும்.

தச்சருக்கு வலது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டு இயந்திரத்தில் மாட்டி நொறுங்கிவிட்டது. இடது கையின் ஆள்காட்டி விரலைப் பல வருஷத்துக்கு முன்பே ரம்பம் கொண்டுபோயிருந்தது. டாக்டரின் யோசனை, நொறுங்கிய மூட்டை நேராக வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. வலிக்காது, உறுதியாக இருக்கும், உளி பிடிக்கலாம், வளையாது, அவ்வளவுதான். மரவேலை செய்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று டாக்டர் நினைத்தார். நியாயமான நினைப்புதான். அதற்குப் பதிலாகத்தான் தச்சர் அந்த விரலை வளைத்து ஏதோ சொல்ல வந்தார்.

"டாக்டர், அவர் தலையாட்டினது எனக்குத் தெரியுது. ஆனா அதுக்கு முன்னாடி என்ன சொன்னாருன்னு நான் பாக்கல. பாக்காததைச் சம்மதம்னு நான் சொல்ல முடியாது" என்றாள் மருமகள்.

டாக்டர் நல்ல மனிதர். ஆனால் கதவுக்கு வெளியே ஒரு பட்டாளமே காத்திருந்தது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை, வியாழக்கிழமை காலையில் பத்து நிமிஷம் தருகிறேன், அன்றைக்கும் இதே கூத்து என்றால் தலையாட்டலை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பேன் என்றார்.

அடுத்த போன் மேலாளர் அம்மாவிடமிருந்து வந்தது. மொழிபெயர்ப்பு நிலையத்தை நடத்துகிற அவர் திட்டமாட்டார், அதுதான் அவரிடம் பயமே. வியாழக்கிழமை வேறு ஆள் யாரும் காலியில்லை என்றார். இவள் லைன் சரியாக இருந்தால் இவள், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் காகிதத்தில் எழுதிக் காட்டிக் கேட்டுக்கொள்வார்கள் என்றார். புதன்கிழமை சாயங்காலம் அவரே வீடியோவில் வந்து சோதித்துப் பார்ப்பாராம். தச்சருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் எழுத்து ஓடாது என்பது மேலாளருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

நேரில் கிளம்பிவிடலாம் என்றால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பயணம். மருமகளுக்கு ஏழாம் மாதம். குலுங்குகிற வண்டி எதிலும் ஏறக் கூடாது என்று அவளுடைய டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டில் போய் உட்காரலாம் என்றால் அங்கேயும் இதே டவர், இதே லட்சணம். தவிர, அடுத்தவர் நோயை அக்கம்பக்கத்தார் கூடத்தில் உட்கார்ந்து பேச முடியுமா? ஆக, இந்த வீட்டிலேயே லைனைச் சரி செய்தாக வேண்டும். அதில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். கணவன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில் இருப்பான். மற்றவர் மாமனார். அவரைத் தெருவே ஏரியல்காரர் என்றுதான் கூப்பிடும். டிவிக்கு மொட்டை மாடியில் அலுமினியக் குச்சிகள் முளைத்திருந்த காலத்தில் இந்த வட்டாரத்தில் முக்கால்வாசிக் குச்சியை நட்டவர் அவர். கேபிள் டிவி வந்து அந்தப் பிழைப்பு போய்விட்டது, பட்டப்பெயர் போகவில்லை. மருமகளைக்கூடத் தெருவில் 'ஏரியல்காரர் மருமகள்' என்றுதான் சொல்வார்கள்.

வெளியே மாட்டுகிற ஆன்டெனா ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வரும் என்று கணவன் சொன்னதுமே மாமனாருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பரணில் கிடந்த இரும்புக் குழாயை இறக்கித் துரு தேய்க்க ஆரம்பித்தார். இருக்கிறதிலேயே உயரமான இடம், டவருக்கு நேர் முகம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கும் சுவருக்கும் பொதுவாக அறிவித்தார்.

ஆன்டெனா வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வெள்ளையாகச் சதுரமாக ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு கருப்பு வயர். மாமனாருக்கு ஏமாற்றம், குச்சி எதுவும் இல்லையே. ஆனாலும் அசரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயை நட்டு, அதன் உச்சியில் பெட்டியைக் கட்டி, தெரு முனையைத் தாண்டி நிற்கும் டவருக்கு நேராகத் திருப்பினார். வயர் ஜன்னல் வரை எட்டவில்லை. கடைக்கு ஓடி இரண்டுக்கும் நீட்டிப்பு வயர் வாங்கி வந்து சேர்த்து இறக்கினார். கணவன் ரவுட்டரின் பின்பக்கத்தில் இரண்டையும் திருகினான்.

ரவுட்டரில் சிக்னல் காட்டுகிற ஐந்து புள்ளியும் எரிந்தன. இதற்கு முன் மூன்றுக்கு மேல் பார்த்ததில்லை. மாமனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால் அந்த டவரையே அவர்தான் கட்டினார் போலிருந்தது.

மருமகள் வேகத்தைச் சோதித்தாள். இங்கே இறங்குவது நொடிக்கு மூன்று எம்பி, இங்கிருந்து ஏறுவது ஒன்றுகூட இல்லை. முன்பு இருந்ததும் அதுதான். கணவனைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து அவன் போனிலிருந்து வீடியோவில் கூப்பிடச் சொன்னாள். அவன் கையசைத்தான். கை நின்றது. அப்புறம் குதித்தது.

மாமனாரின் முகத்தில் ஈயாடவில்லை. டவரில் கூட்டம் அதிகமாக இருக்கும், ராத்திரி சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். கணவனுக்கு ராத்திரி வண்டி. போகும்போது அவள் தலையில் கை வைத்து, பார்த்துக்கலாம் என்றான். பார்த்துக்கொள்ள மீதி இருந்தது புதன்கிழமை ஒரு பகல்தான்.

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முகம் கழுவிவிட்டு, ஆன்டெனா விற்றவருக்குப் போன் போட்டு, உங்கள் பெட்டி ஐந்து புள்ளி காட்டுகிறது, வேலை செய்யவில்லை என்றாள். விற்றவர் சிரித்தார். புள்ளியை யார் பார்க்கச் சொன்னது என்று கேட்டார். ரவுட்டருக்குள்ளே போக ஒரு முகவரி சொன்னார், அதில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். உள் ஆன்டெனா, வெளி ஆன்டெனா என்று ஒரு தேர்வு இருக்கும், அது தானாக மாறிக்கொள்கிற மாதிரி இருக்கும், முதலில் அதை வெளி என்றே நிலையாக வையுங்கள் என்றார். அப்புறம் எண்களைப் பாருங்கள் என்றார்.

அந்தப் பக்கத்தில் எண்களாகக் கொட்டிக் கிடந்தன. ஆர்எஸ்ஆர்பி என்று ஒன்று மைனஸ் எழுபத்திரண்டு காட்டியது. அது சிக்னலின் பலம், எப்போதும் மைனஸில்தான் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். எழுபத்திரண்டு ரொம்ப நல்லது, உங்கள் ஐந்து புள்ளி அதைத்தான் காட்டுகிறது என்றார் விற்றவர். எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று. அது ஒன்று காட்டியது, இரண்டானது, பூஜ்யத்துக்குப் போனது. அதுதான் தெளிவு என்றார். நமக்கு வேண்டிய சிக்னல், வேண்டாத சத்தத்தை விட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதன் கணக்கு. பத்துக்கு மேலே போனால் நல்லது, பதினைந்து வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அவர் வைத்த பிறகும் அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்களுக்குக் கீழே, இப்போது டவரின் எந்தப் பிரிவைப் பிடித்திருக்கிறது என்று ஒரு அடையாள எண். அது நாற்பத்தொன்று என்றிருந்தது. கண் சிமிட்டுவதற்குள் நாற்பத்திரண்டானது. மறுபடி நாற்பத்தொன்று. மாறும்போதெல்லாம் வேகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. கை நிற்பதும் குதிப்பதும் இதனால்தான் என்று அவளுக்குப் பொறி தட்டியது.

தெரு முனை டவர் ஒன்றுதான். ஆனால் அதன் உச்சியில் மூன்று பக்கமும் பார்க்கிற மூன்று தட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் பக்கத்து வீடுகளோடு பேசும். இந்த வீடு இரண்டு தட்டின் எல்லைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பலத்தில், ஒரே அலைவரிசையில் பேசின. எது தன்னுடையது என்று ரவுட்டருக்குத் தெரியாமல் இங்கேயும் அங்கேயும் தாவியது.

இது அவளுக்குப் புரியப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. தினமும் பார்க்கிற கூத்துதான். காது கேட்காதவரிடம் பேச வருகிறவர்கள் முதலில் செய்வது கத்துவது. கேட்கவில்லையா, இன்னும் சத்தமாக. அப்பாவும் மாமாவும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சேர்ந்து கத்துவார்கள். பாவம் அந்த ஆள், இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டுவார். மாமனார் பகலில் செய்தது அதைத்தான். கத்துகிற இரண்டு பேரையும் இன்னும் பக்கத்தில் கூட்டிவந்திருக்கிறார்.

காலையில் மாமனாரிடம் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து புள்ளியைக் குறை சொல்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். ஒரே ஒரு முறை நான் சொல்கிறபடி திருப்புங்கள் மாமா, அது போதும் என்றாள். அவர் முனகிக்கொண்டே ஏறினார்.

அவள் ஏணிப் பக்கமே போகக் கூடாது. ஆகவே லேப்டாப்பை முற்றத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு, இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேலே காற்று அடித்தது, அவள் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. போனை எடுக்கலாமென்றால் அவருக்கு இரண்டு கையும் குழாயில். அப்போது அவள் கையைத் தூக்கி எண்களைச் சைகையில் காட்டினாள். மருமகள் வந்த புதிதில் அவர் வேடிக்கையாகக் கற்றுக்கொண்ட எண்கள். இப்போது அவை உதவின. பலத்தை ஒரு கையில், தெளிவை மறு கையில் காட்டினாள். அவர் குழாயைக் கொஞ்சம் திருப்புவார், அவள் எண் ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து காட்டுவாள், அவர் மறுபடி கொஞ்சம் திருப்புவார்.

டவருக்கு நேராக: தெளிவு ஒன்று. அதற்கு வலது: இரண்டு. இடது: பூஜ்யம். முதுகைக் காட்டித் திருப்பினாலும் மூன்றுக்கு மேலே போகவில்லை. அவ்வளவு பக்கத்தில் நிற்கிற டவரின் சத்தம் பெட்டியின் முதுகு வழியாகவும் நுழைந்தது. மாடியைச் சுற்றி ஒரு திக்கையும் அவர் விடவில்லை. தலைகீழாக நின்றாலும் அந்த உயரத்தில் தெளிவு கிடைக்காது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. உயரம்தான் வினை. உயரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது, எல்லாமும் இதைப் பார்க்கின்றன.

மாமனார் இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு குழாய் சேர்த்து உயர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"கீழ இறக்கிடலாம் மாமா."

"எவ்வளவு கீழ?"

"சமையல்கட்டுக்குப் பின்னாடி. சுவர்ல."

அவர் அவளையே பார்த்தார். "அப்படியே குழி தோண்டிப் புதைச்சிடலாமே. இன்னும் தெளிவா இருக்குமே."

அவளுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. வயிற்றில் பிள்ளை ஒரு உதை விட்டது. அதுவும் கோபத்தில்தான் இருந்திருக்கும்.

"மாமா, ரெண்டு பேர் நம்ம முன்னாடி நின்னு ஒரே நேரத்துல கத்துறாங்க. நீங்க இன்னும் கிட்ட போலாம்னு சொல்றீங்க. நான் கதவைச் சாத்திட்டு, தூரத்துல ஒருத்தர் மெதுவா பேசுறாரே, அவர் பேச்சைக் கேப்போம்னு சொல்றேன். இந்த வீடுதான் கதவு. வீட்டுக்கு இந்தப் பக்கம் அந்த டவர், அந்தப் பக்கம் போனா வீடே அதை மறைச்சுக்கும்."

 மாமனாரின் முகம் இறுகிவிட்டது. ஆனால் ஏணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். அவருடைய சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

சமையல்கட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள் கிடையாது. பள்ளமான வெற்று நிலம், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற வேறொரு டவர். மாமனார் ஜன்னலுக்கு மேலே, கூரைத் தளத்துக்குக் கீழே பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றார். மருமகள் லேப்டாப்போடு ஏணிக்குத் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவுட்டர் இன்னும் முன் அறை ஜன்னலில் இருந்தது. நீட்டிப்பு வயர்கள் கூடம் முழுக்கக் கிடந்தன.

பலம் மைனஸ் நூற்றுநாலுக்கு விழுந்தது. புள்ளி ஒன்றானது. ஏணியின் மேலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, அதில் திருப்தியும் கொஞ்சம் இருந்தது. மருமகள் அடுத்த எண்ணைப் பார்த்தாள். தெளிவு எட்டு. அடையாள எண் நாற்பத்தொன்றுமில்லை, நாற்பத்திரண்டுமில்லை. நூற்றுப்பதினேழு என்று புதிதாக ஒன்று, ஆணி அடித்தது போல் நின்றது.

"மாமா, அசையாதீங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டு அவர் உண்மையாகவே அசையவில்லை.

அப்புறம் அவள் பிடித்த பிடியை விடவில்லை. சிக்னல் இப்போது மெல்லியது, அதில் நீட்டிப்பு வயர் வேறு பாதியைத் தின்றுகொண்டிருக்கிறது. எனவே வயரை நீட்டுவதற்குப் பதில் ரவுட்டரையே கொண்டுவர வேண்டும். மாமனாரை இறங்கிவரச் சொல்லி, அதைத் தூக்கிச் சமையல்கட்டுப் பரணில், ஜன்னலை ஒட்டி வைக்கச் சொன்னாள். நீட்டிப்பு இரண்டையும் கழற்றச் சொல்லி, ஆன்டெனாவின் சொந்த வயரை மட்டும் நேராகத் திருகச் சொன்னாள். இரண்டும் கை இறுக்கத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டாள். அவர் மறுபடி ஏணியேறிப் பெட்டியைப் பிடித்தார். பலம் மைனஸ் தொண்ணூற்றெட்டு. தெளிவு பன்னிரண்டு.

இனி திருப்புவது. இந்த முறை மாமனார் முனகவில்லை. நகத்தின் அகலத்துக்கு இடப்பக்கம் திருப்பினார், பொறுத்தார், அவள் கையைப் பார்த்தார். பதிமூன்று. இன்னும் கொஞ்சம். பதினைந்து. இன்னும் கொஞ்சம். பதினொன்று. தாண்டிவிட்டோம் என்று அவரே தலையை ஆட்டி, பழைய இடத்துக்கு வந்தார். பதினைந்து, பதினாறு, பதினைந்து. பெட்டியின் ஓரத்தை ஒட்டிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பிறகுதான் திருகாணி தேடினார். அதில் பழைய தொழில்காரர் தெரிந்தார். அந்தக் கோட்டில் மயிரிழை பிசகாமல் அவர் முடுக்கியபோது அவளுக்கு அவர் மேல் பிரியமாகவே இருந்தது.

ரவுட்டரில் இரண்டு புள்ளி. அதற்கு மேல் ஏறவில்லை.

அவள் வேகத்தைச் சோதித்தாள். இறங்குவது முப்பத்தொன்று. ஏறுவது ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சோதித்தாள். கொஞ்சம் முன்னே பின்னே, அதேதான்.

"ரெண்டு புள்ளிதானேம்மா இருக்கு?" என்றார் மாமனார், நம்ப மாட்டாமல்.

"ரெண்டே ரெண்டு மாமா."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பரணிலிருந்து அவள் அறைக்கு நெட்வொர்க் கேபிள் வேண்டும். அது எவ்வளவு நீளம் போனாலும் வீட்டுக்குள் ஒன்றும் குறையாது என்று அவள் சொன்னதும், அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். மத்தியானம் முழுக்கச் சுவர் ஓரமாகக் கிளிப் அடித்தபடியே போனார். வளைவில் கேபிள் மடங்காமல், கதவிடுக்கில் நசுங்காமல், நூல் பிடித்தது மாதிரி. மேலாளர் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் முடித்தார்.

சாயங்காலம் தெருவே வீடு திரும்பி எல்லோரும் போனைத் திறக்கிற நேரம் பார்த்து மேலாளர் வீடியோவில் வந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரம்.  மேலாளர் வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. கையாலேயே வேக வேகமாக ஊர்ப் பெயர்கள், மாத்திரைப் பெயர்கள், விரல் நுனி மட்டும் அசைகிற எழுத்துகள் என்று கொட்டினார். மருமகள் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். பின்பு அவள் சைகை செய்ய, மேலாளர் அதைப் பார்த்துக் கையாலேயே திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிவில்தான் மேலாளர் வாயைத் திறந்து, நாளைக்குக் காலையில் நீதான் என்றார்.

வியாழக்கிழமை அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் மாமனார் ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் நிறுத்தியிருந்தார்.

திரையில் தச்சர் வந்தார். வலது கையில் கட்டு தளர்வாக இருந்தது, விரல்கள் வெளியே தெரிந்தன. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த சின்ன மச்சம்கூட இன்றைக்குத் தெரிந்தது. போன முறை அவருக்கு மச்சம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

டாக்டர் மறுபடி விளக்கினார். மூட்டைப் பூட்டலாம், உறுதி. அவள் கைகளால் சொன்னாள். அப்புறம், போன முறை அவசரத்தில் நான் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று டாக்டரே சேர்த்துக்கொண்டார்: மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டும் வைக்கலாம், வளையும், ஆனால் பலம் குறைவு, தேய்ந்தால் மறுபடி அறுக்க வேண்டி வரலாம், மரவேலைக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவள் அதையும் சொன்னாள். பிறகு, போன தடவை ஏதோ சொல்ல வந்தீர்கள், எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், இன்று நன்றாகத் தெரிகிறது, சொல்லுங்கள் என்றாள்.

தச்சர் அவளைச் சிறிது நேரம் பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு அந்த விரலைத் தூக்கினார். வலியில் முகம் சுளித்தது. ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, பாதி வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தார். அவ்வளவு சின்ன அசைவு. அவளுக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அது இல்லை.

யார் என்று கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு வருஷத்துப் பழக்கம் கேட்டது.

அவர் முகம் மலர்ந்தது. இடுப்புயரத்தில் கையைக் காட்டினார். மகள். அவளுக்கும் காது கேட்காது. கன்னத்தில் குழி விழும், அதனால் அவளுக்குச் சைகையில் இந்தப் பெயர். அவர் வைத்தது.

 இனி மருமகள் வாயிலிருந்து வருவது அவள் குரல் இல்லை, அவருடைய குரல், நின்றுவிடக் கூடாது. தெளிவாகச் சொன்னாள்:

"டாக்டர், அவர் சொல்றாரு: விரலை வளைக்கிறதுதான் என் மகளோட பெயர். இந்த விரல் நேராவே நின்னுபோச்சுன்னா நான் அவளைக் கூப்பிட முடியாது. இன்னொரு கையில அந்த விரல் இல்ல."

 டாக்டர் தச்சரின் இடது கையைப் பார்த்தார், அங்கே இல்லாத விரலைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு நேராகத் தச்சரின் முகத்தைப் பார்த்து, உளி பிடிக்கச் சிரமமாகுமே, பரவாயில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அவள் சைகையில் கேட்டாள். உளியை நடுவிரலில் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்வேன், அவள் பெயரை மாற்ற எனக்குத் தெரியாது என்றார் தச்சர்.

"சரி, வளையுற மூட்டே வைப்போம்" என்றார் டாக்டர்.

அதை அவள் கைகளில் பார்த்ததும் தச்சர் தலையாட்டினார். இந்தத் தலையாட்டல் வேறு. இதற்கு யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

அழைப்பு முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அழுதாள், இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டு. கதவைத் திறந்தபோது மாமனார் எதிரேயே நின்றார். அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்து அவர் முகம் விழுந்துவிட்டது. நோயாளியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலில் சட்டம், அவருக்கும் அது தெரியும். அதனால் வேறு விதமாகக் கேட்டார்.

"நின்னுபோச்சா?"

"இல்ல மாமா. ஒரு விரல் வளைஞ்சதுகூடத் தெரிஞ்சுது."

 அவர் சமையல்கட்டுக்குப் போய்ப் பரணைப் பார்த்து எண்ணினார், இரண்டே புள்ளிதான் எரிந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெறுமனே நின்ற இரும்புக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.